ரிங்கிட் வழியா, நேரடியா? மூன்று விலைகளை ஒட்டிப் பார்த்து முடிவெடுப்பது

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் 6,500 சிங்கப்பூர் வெள்ளியை நோட்டாகவே பினாங்குக்குக் கொண்டு வந்திருந்தார். மகன் அமெரிக்காவில் படிக்கப் போகிறான். போன கையோடு வீட்டு முன்பணமும் முதல் மாத வாடகையும் கட்ட வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். அவர் கேட்டது இரண்டு கேள்விகள். "ரிங்கிட்டா மாத்திட்டு டாலர் வாங்குறதா, இல்ல நேரா மாத்துறதா மச்சான்?" என்பது ஒன்று. "மூணு காசையும் சுத்தி மாத்தினா லாபம் வருமாமே, உண்மையா?" என்பது இன்னொன்று.

ஒரே கணக்கு இரண்டுக்கும் விடை சொல்லும். ஆனால் கேள்விகள் வேறு வேறு. சுற்றி வந்து லாபம் பார்க்க முடியுமா என்பதற்குப் பதில் கிட்டத்தட்ட எப்போதும் "முடியாது"தான். எந்த வழியில் போனால் கையில் அதிகம் மிஞ்சும் என்பதற்கோ கடைக்குக் கடை, நாளுக்கு நாள் பதில் மாறும். சுற்று லாபத்துக்கு "முடியாது" என்று தெரிந்ததும் பலர் கணக்கையே மூடி வைத்துவிடுகிறார்கள். காசு மிச்சமாவது எந்த வழி என்ற கேள்வியில்தான்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மணி சேஞ்சர் கடைப் பலகையை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நான் வைக்கும் விலைகள் இவை. நீங்கள் படிக்கும் நாளின் விலை வேறாக இருக்கும். அமெரிக்க டாலருக்குக் கடைக்காரர் வாங்கும் விலை 4.200 ரிங்கிட், விற்கும் விலை 4.240. சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்குவது 3.250, விற்பது 3.275. மூன்றாவது விலை பலகையில் இருக்காது, வாய்விட்டுக் கேட்க வேண்டும்: சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்தால் நேராக டாலர் என்ன விலை? அவர் ஒரு டாலரை 1.284 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்குவேன், 1.300க்கு விற்பேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சுற்றி வரும் கதையைத் தீர்த்துவிடலாம். இதைத்தான் முக்கோண ஆர்பிட்ராஜ் என்கிறார்கள். ஒரு நாணயத்தில் கிளம்பி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறி, கிளம்பிய நாணயத்துக்கே திரும்புவது. ஒரு டாலரோடு கிளம்பி ஒரு டாலருக்கு மேல் வந்தால் லாபம்.

பலர் இதை நடு விலையில் போட்டுப் பார்க்கிறார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது அது. கைப்பேசியில் தேடினால் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவே. நம் கணக்கில் டாலரின் நடு விலை 4.220, சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.2625, நேரடி விலைக்கு 1.292. ஒரு டாலர் 4.220 ரிங்கிட் ஆகிறது, அதை 3.2625ஆல் வகுத்தால் 1.2935 சிங்கப்பூர் வெள்ளி, அதை 1.292ஆல் வகுத்தால் 1.00115 டாலர். பத்தாயிரம் டாலருக்குப் பதினோரு டாலர் சும்மா கிடைப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்த நடு விலையில் நமக்கு எந்தக் கடைக்காரரும் மாற்றித் தரப்போவதில்லை.

உண்மையான கணக்குக்கு ஒரே விதி போதும். எந்தக் காசுக்கு விலை சொல்லியிருக்கிறார்களோ அந்தக் காசை நாம் கொடுத்தால், கடைக்காரர் வாங்கும் விலையால் பெருக்க வேண்டும். அந்தக் காசை நாம் வாங்கினால், அவர் விற்கும் விலையால் வகுக்க வேண்டும். எந்தப் பக்கத்து விலை என்று குழப்பம் வந்தால், இரண்டில் நமக்கு மோசமானது எதுவோ அதுதான் நம் விலை. எக்செலில் போட விரும்பினால் இப்படி வைத்துக்கொள்ளலாம்; B வரிசையில் வாங்கும் விலை, C வரிசையில் விற்கும் விலை, 2ஆம் வரியில் டாலர், 3ஆம் வரியில் சிங்கப்பூர் வெள்ளி, 4ஆம் வரியில் நேரடி விலை.

```
=B2/C3/C4
=B4*B3/C2
```

முதல் வரி டாலரிலிருந்து ரிங்கிட், அங்கிருந்து சிங்கப்பூர் வெள்ளி, பிறகு டாலர் என்று சுற்றுகிறது. இரண்டாவது வரி எதிர்த் திசையில் சுற்றுகிறது. இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஒரு திசையில் நஷ்டம் என்பதால் மறு திசையில் லாபம் என்று ஆகிவிடாது. நம் விலைகளில் முதல் சுற்று 0.9865, இரண்டாவது 0.9842. எந்தப் பக்கம் சுற்றினாலும் நூறு டாலருக்கு ஒன்றரை டாலர் அளவில் கடையில் தங்கிவிடுகிறது.

நடு விலையில் தெரிந்த அந்த 0.115 விழுக்காடு எங்கே போனது? விலை இடைவெளி அதை விழுங்கிவிட்டது. டாலரில் வாங்குவதற்கும் விற்பதற்கும் நடுவே ஏறக்குறைய 0.95 விழுக்காடு இடைவெளி, சிங்கப்பூர் வெள்ளியில் 0.77, நேரடி விலையில் 1.24. சுற்றி வருகிறவர் ஒவ்வொரு இடைவெளியிலும் பாதியைக் கட்டுகிறார். மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.48 விழுக்காடு. ஆகவே இந்தப் பலகையில் சுற்று லாபம் வர வேண்டுமென்றால், நடு விலைகள் ஒன்றோடொன்று அந்த அளவுக்கு மேல் முரண்பட்டிருக்க வேண்டும். இங்கே இருப்பதோ 0.115.

வங்கிகளுக்குள் நடக்கும் சந்தையில் இடைவெளி மிகச் சிறியது, அதனால் சின்ன முரண்பாடும் அங்கே காசாகும். ஆனால் அங்கே முரண்பாடு நிலைப்பதே இல்லை. கணினிகள் நொடிக்குள் மூன்று பரிமாற்றங்களையும் ஒன்றாக முடித்து விலையைச் சரிப்படுத்திவிடும். தவிர, ரிங்கிட்டுக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் இடையிலான விலையை வங்கிகள் பெரும்பாலும் இரண்டு டாலர் விலைகளிலிருந்தே கணக்கிட்டுச் சொல்கின்றன. மூன்றாவது பக்கம் மற்ற இரண்டிலிருந்து பிறந்தது என்னும்போது அது முரண்படுவதற்கு இடமே குறைவு.

இந்தப் பிணைப்பை நம் ஊரில் கண்ணாலேயே பார்த்த காலம் ஒன்று உண்டு. 1998 செப்டம்பர் 2 முதல் 2005 ஜூலை 21 வரை டாலருக்கு 3.80 என்று ரிங்கிட் கட்டிப்போடப்பட்டிருந்தது. முக்கோணத்தின் ஒரு பக்கம் ஆணி அடித்தாற்போல நின்றதால், சிங்கப்பூர் வெள்ளியின் ரிங்கிட் விலையைத் தீர்மானிக்க மலேசியாவில் எதுவும் நடக்கத் தேவையில்லை. டாலர் 1.70 சிங்கப்பூர் வெள்ளி என்றால் இங்கே விலை 3.80ஐ 1.70ஆல் வகுத்த 2.235, டாலர் 1.65க்கு இறங்கினால் 2.303. அந்த வருடங்களில் ஜொகூரிலிருந்து போய்வந்து கொண்டிருந்தவர்கள் சம்பளம் ஏறி இறங்கியதாக நினைத்ததெல்லாம் சிங்கப்பூர் பக்கத்து அசைவுதான்.

இனி மச்சானின் முதல் கேள்வி. இதற்கு எல்லா வழிகளையும் ஒரே அளவில் கொண்டுவர வேண்டும்: ஒரு டாலர் என் கைக்கு வர எத்தனை சிங்கப்பூர் வெள்ளி செலவாகிறது? இந்த எண் எங்கே குறைவோ அதுவே நல்ல வழி.

ரிங்கிட் வழியாகப் போனால் கடைக்காரர் டாலரை விற்கும் 4.240ஐ, சிங்கப்பூர் வெள்ளியை வாங்கும் 3.250ஆல் வகுக்க வேண்டும். வருவது 1.3046. நேரடி விலை 1.300. நேரடிதான் மலிவு. 6,500 வெள்ளிக்கு நேரடியாகச் சரியாக 5,000 டாலர் கிடைக்கும். ரிங்கிட் வழியாக 21,125 ரிங்கிட் ஆகி, அதிலிருந்து 4,982.31 டாலர். வித்தியாசம் 17.69 டாலர், அதாவது 75 ரிங்கிட். ஒரே கடையில், ஒரே கவுண்டரில், ஒரு கேள்வி கேட்டதற்கான பலன் அது.

இந்த 1.3046 என்ற எண்ணைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே போட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் "நேரா மாத்தித் தர்றேன்" என்று சொல்லும் எல்லாக் கடையிலும் தனி நேரடி விலை இருப்பதில்லை. பல இடங்களில் கால்குலேட்டரில் தங்கள் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் தட்டி, அந்த இரண்டு படிக் கணக்கையே ஒரே விலையாகச் சொல்கிறார்கள். அவர் சொல்வது 1.3046ஆக இருந்தால் நமக்கு எதுவும் மிச்சமில்லை, இரண்டு இலாபத்தையும் அவர் முழுதாக எடுத்துக்கொள்கிறார். 1.3046க்கு மேல் சொன்னால் அவரிடமே இரண்டு தனிப் பரிமாற்றமாகச் செய்துகொள்வது நல்லது. கீழே சொன்னால்தான் அது உண்மையான நேரடி விலை.

கேட்டால் இறக்குவார்களா? இறக்குவார்கள், காரணமும் இருக்கிறது. நாம் சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து டாலரை எடுத்துக்கொள்ளும்போது அவருடைய ரிங்கிட் இருப்பு அசைவதில்லை. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் அதிகம் வரும் கடையில் சிங்கப்பூர் நோட்டு எப்போதும் தேவைப்படும். அதை மொத்தமாகக் கொண்டுவரும் ஆள் அவருக்கு வேண்டியவர். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் இது நமக்குச் சாதகம். நான் நேராகவே சொல்லிவிடுவேன்: "அண்ணே, ரெண்டு பக்கமும் மார்ஜின் எடுக்காதீங்க. சிங்கப்பூர் காசு நான்தானே கொண்டு வர்றேன், ஒரு பக்கம் மட்டும் போட்டுச் சொல்லுங்க." அதே கடைக்குத் தொடர்ந்து போகிறவராக இருந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

அடுத்த வழி இரண்டு கடை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை, அங்கே டாலர் விற்கும் விலை 4.250. அது முதல் கடையைவிட மோசம், அதனால் பலர் அந்தப் பலகையை அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அதே பலகையில் சிங்கப்பூர் வெள்ளியை 3.268க்கு வாங்குகிறார்கள், முதல் கடையின் 3.250ஐவிட நன்றாகவே அதிகம். வெள்ளியை இங்கே விற்று, டாலரை முதல் கடையில் வாங்கினால் 21,242 ரிங்கிட், அதிலிருந்து 5,009.91 டாலர். ஒரு டாலருக்கான செலவு 1.2974ஆக இறங்கிவிட்டது. நேரடி வழியைவிட இது 9.91 டாலர், ஏறக்குறைய 42 ரிங்கிட் கூடுதல்.

இந்த மூன்று விலைகளையும் கலந்து சுற்றி வந்து பார்த்தாலும் லாபம் இல்லை: டாலரை நேரடியாக 1.284க்கு விற்று, வெள்ளியை 3.268க்கு ரிங்கிட்டாக்கி, 4.240க்கு டாலர் வாங்கினால் 0.9896தான் வருகிறது. ஆர்பிட்ராஜ் இல்லை, ஆனால் வழியை மாற்றியதில் 42 ரிங்கிட் இருக்கிறது. மச்சானிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். எப்படியும் ஒரு பக்கமாகப் போகப் போகிறவருக்கு இடைவெளி முழுவதும் தடையில்லை. அவர் எந்தக் கடையின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறார் என்பதே கணக்கு.

இரண்டு கடை வழியில் ஒரு ஆபத்து உண்டு. வெள்ளியை விற்று ரிங்கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போகும் நேரத்தில் முதல் கடைக்காரர் டாலர் விலையை மாற்றிவிடலாம். எவ்வளவு மாறினால் நம் 42 ரிங்கிட் போகும் என்பதை முன்பே போட்டுவிடலாம்: 21,242ஐ 5,000ஆல் வகுத்தால் 4.2484. டாலர் 4.240லிருந்து ஒரு சென்னுக்கும் குறைவாக ஏறினாலே நேரடி வழி நல்லதாகிவிடும். ஆகவே வெள்ளியை விற்பதற்கு முன்பு முதல் கடைக்குப் போன் போட்டு இரண்டு விஷயம் கேட்க வேண்டும். 5,000 டாலர் நூறு டாலர் நோட்டுகளாக இருக்கிறதா, 4.240க்கு அரை மணி நேரம் எடுத்து வைப்பாரா. இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இந்த வழியை விட்டுவிடலாம்.

நூறு டாலர் நோட்டு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் டாலர் விலை பெரிய நோட்டுக்கானது. சிறிய நோட்டுகளுக்கும் பழைய வரிசை நோட்டுகளுக்கும் கடைகள் குறைத்துத்தான் வாங்குகின்றன. மூன்று பக்கங்களில் ஒன்று வேறு வகை நோட்டுக்கான விலையாக இருந்தால் கணக்கில் இல்லாத லாபம் தெரியும். ரூபாய், பாட் போன்றவற்றுக்குப் பலகை விலை நூறுக்கானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது பெரிய பிழை என்பதால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத பிழை நேரப் பிழை. காலையில் டாலரின் நடு விலை 4.220 என்று குறித்து வைக்கிறோம். பகலில் ரிங்கிட் கொஞ்சம் வலுக்கிறது. மாலையில் டாலர் 4.195, சிங்கப்பூர் வெள்ளி 3.2444. டாலருக்கும் சிங்கப்பூர் வெள்ளிக்கும் இடையில் எந்த மாற்றமும் இல்லை, இரண்டு வேளையும் 1.293. இப்போது காலை டாலர் விலையையும் மாலை வெள்ளி விலையையும் சேர்த்துச் சுற்றினால் 1.006 வருகிறது. நூற்றுக்கு அறுபது காசு லாபம் என்று தோன்றும். அங்கே இருப்பது முரண்பாடே அல்ல, பகலில் ரிங்கிட் நகர்ந்த தூரம். மூன்று விலைகளும் ஒரே நேரத்துக்குரியவையா என்று பார்க்காமல் வந்த எந்த லாபத்தையும் நம்ப வேண்டாம். பேங்க் நெகாரா தன் இணையப் பக்கத்தில் நாளின் வெவ்வேறு வேளைகளுக்கான விலையைத் தனித்தனியாக வெளியிடுகிறது, வாங்கும், விற்கும், நடு விலை என்று பிரித்தே தருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரே வேளையின் விலைகளை அங்கே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பலகை வேறு கதை: சந்தை மூடியிருக்கும் என்பதால் திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று கடைக்காரர் இடைவெளியை அகலமாக்கி வைப்பார். அவசரமில்லாதவர் வாரநாளில் போவது நல்லது.

இன்னொரு முக்கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒரு பக்கம் சரியாக ஒன்றாக நிற்பதால் சோதனைக்கு அருமையானது. 1967இல் செய்த உடன்பாட்டின்படி புருணை வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. மலேசியாவும் முதலில் அதில் சேர்ந்திருந்தது, 1973இல் விலகிக்கொண்டது. இன்றும் சிங்கப்பூர் வங்கிகள் புருணை நோட்டை அதே மதிப்பில் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கோலாலம்பூர்ப் பலகை ஒன்றில் புருணை வெள்ளியை விற்கும் விலை, சிங்கப்பூர் வெள்ளியை வாங்கும் விலைக்குக் கீழே போனால்தான் சுற்று லாபம். அது எளிதில் நடக்காது. ஆனால் புருணையை விற்கும் விலை சிங்கப்பூர் வெள்ளியை விற்கும் விலைக்குக் கீழே இருந்தால், சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு அது மலிவு வழி. அங்கே வங்கிக் கவுண்டர் வரை போக நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்.

காசு நோட்டாக இல்லாமல் சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலேயே இருந்தால் கைப்பேசிச் செயலி வழியையும் அதே அளவில் வைக்க வேண்டும். அவர்கள் நல்ல விலையைப் பெரிய எழுத்தில் காட்டிக் கட்டணத்தைத் தனியாக எடுப்பார்கள், அதனால் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது. உதாரணமாக விலை 1.294, கட்டணம் 25 வெள்ளி என்றால், 6,475ஐ 1.294ஆல் வகுத்து 5,003.86 டாலர், 6,500ஐ அதனால் வகுத்தால் ஒரு டாலருக்கு 1.299. நேரடிக் கடை விலையைவிட இது கொஞ்சம் மலிவு, ஆனாலும் இரண்டு கடை வழிக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் கட்டணம் நிலையானது என்பதால் தொகை கூடக் கூட இந்த வழி முன்னுக்கு வரும். வீட்டு உரிமையாளர் வங்கி வழியாகப் பணத்தை ஏற்றுக்கொள்வார் என்றால், இரண்டு டாலருக்காகவும் ஐந்து டாலருக்காகவும் கணக்குப் பார்க்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். 5,000 டாலர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பறக்க வேண்டியதில்லை.

மச்சானுடைய வெள்ளி நோட்டாக இருந்ததால் செயலி கணக்கில் வரவில்லை. அவருக்கு நான் சொன்ன முறை இது: முதலில் முதல் கடையில் நேரடி விலை கேட்பது. அது 1.2974க்குக் கீழே வந்தால் அங்கேயே முடித்துவிடுவது. வராவிட்டால் டாலரை 4.240க்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டாவது கடையில் வெள்ளியை விற்று வருவது. எடுத்து வைக்க மறுத்தால் 1.300க்கே நேரடியாக வாங்கிக்கொள்வது. எந்தக் கடையாக இருந்தாலும் பேங்க் நெகாரா உரிமம் சுவரில் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதில் இரண்டு விலையும் சரியாக எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று சரிபார்த்துவிட்டு நகர வேண்டும் என்றும் சொன்னேன்.